பத்தொன்பதாம் பக்கத்துச் சத்தம்

முதலாளி இருந்தார். டீச்சர் இருந்தார். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பெண் இருந்தாள். நான் இருந்தேன். டீ கொண்டுவந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவரைச் சேர்க்க வேண்டாம். நாலு பேர்தான்.

இடம் தவளக்குப்பம் மெயின் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி. கடலூர் பஸ் ஹாரன் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். முதலாளி அங்கே பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்களும் படக்கதைகளும் போடுகிறார். டீச்சர் வில்லியனூர் பக்கம் ஒரு கிராமம், கோயில் தெருவே மாதா கோயில் தெருதான். தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறார். சனிக்கிழமைகளில் வந்து தமிழ்ப் புத்தகத்தை இங்கிலீஷ் ஆக்கித் தருவார். கம்ப்யூட்டர் பெண் செலியமேட்டிலிருந்து வருகிறவள்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். சுவரில் எழுதுகிற வேலை. கடைப் பெயர், கட்சிச் சின்னம், கல்யாண மண்டபம். முதலாளி என் எழுத்தைச் சுவரில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். படக்கதையில் 'டமார்', 'டுமீல்' என்று படத்துக்குள்ளேயே பெரிதாக வரும் எழுத்துகளைப் பிரஷ்ஷால் எழுதிக் கொடுப்பேன். கம்ப்யூட்டர் எழுத்தில் அந்த உதறல் வராது என்பார். பிறகு படமும் போட்டேன். பிறகு ஒருநாள், உன் கதை ஒன்றைப் போட்டுக் கொண்டு வாயேன் என்றார்.

என்னிடம் ஒரு கதைதான் இருந்தது.

அக்கா வீட்டுக்காரர் கிணற்றில் விழுந்து செத்த கதை. ஆடி மாதம். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று அடியில் அடைத்திருந்ததைச் சுத்தம் செய்யக் கிணற்றுக்குள் இறங்கினார். அவர் இறங்கியது எனக்குத் தெரியாது. நான் கரும்பில் சோகை, காய்ந்த தோகை, உரித்துக்கொண்டிருந்தேன். வரப்போரம் நாலு பனைமரம். காலையிலிருந்து பழம் விழுந்துகொண்டிருந்தது. 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பழம் என்று நினைத்தேன். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று குனிந்து வேலையைப் பார்த்தேன். பசி எடுத்தபோதுதான் கிணற்றுப் பக்கம் போனேன். கிணற்றில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். மீதி சேறு.

இருபத்திரண்டு பக்கம் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் பழம் விழுகிறது. 'தொப்'. பத்தொன்பதாம் பக்கத்தில் நான் சோகை உரிக்கிறேன். மறுபடி 'தொப்'. அதே அளவு, அதே சாய்வு, அதே மை. பழமும் இல்லை, கிணறும் இல்லை, சத்தம் மட்டும். நான் நிமிர்கிறேன். குனிகிறேன். அவ்வளவுதான் கதை. எனக்கு அதைப் பேசத் தெரியாது. அக்கா என்னிடம் இரண்டு வருஷமாகச் சரியாகப் பேசியதில்லை. சோறு போடுவார். பேச மாட்டார்.

தமிழ்ப் புத்தகம் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவுக்குக் கூட்டிப் படிக்க வரும். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பத்தொன்பதாம் பக்கத்தில் நிறுத்தினார். மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பினார். மறுபடி பத்தொன்பது.

"ரெண்டும் ஒரே சத்தந்தானாடா?"

"ஒரே சத்தந்தான்."

"பழம்னு நெனச்ச."

"ஆமா."

புத்தகத்தைப் பீரோவில் வைத்தார். அன்றைக்கு எனக்கு மீன் குழம்பில் தலையைப் போட்டார். அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து, சாப்டியா, எங்க போற என்று கேட்க ஆரம்பித்தார்.

அந்தப் புத்தகத்தைத்தான் இங்கிலீஷில் போட முதலாளி உட்கார வைத்திருந்தார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்து தெரியும். கடைப் போர்டு எழுதி எழுதி இருபத்தாறு எழுத்தும் கைக்கு வரும். சேர்த்துப் படிக்க வராது. அதனால் டீச்சர் ஒரு வழி செய்தார். தமிழ்ச் சத்தத்தைக் காட்டி, "எது மேல எது விழுது? எது எதுல உரசுது?" என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் இரண்டு மூன்று இங்கிலீஷ் சொல்லை வாயால் சொல்லிக் காட்டுவார். அதன் எடை என்ன, எந்த இடத்தில் இங்கிலீஷ்காரர்கள் போடுவார்கள் என்று சொல்வார். நான் கண்ணை மூடிக் கேட்பேன். சரி என்றால் சரி.

முதல் பக்கத்தில் காக்கை. அது சுலபம். எங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான் கத்துகிறது. டீ உறிஞ்சுவதற்கு நான் 'சர்ர்ர்' போட்டிருந்தேன். அவர் 'ஸ்லர்ப்' என்றார். கேட்டாலே டீ தெரிந்தது.

தவளைக்கு முதலாளி 'ரிபிட்' போடச் சொன்னார். கார்ட்டூனில் அப்படித்தான் வருகிறது என்றார்.

"அது அமெரிக்காத் தவள சார்," என்றார் டீச்சர். "பாகூர் ஏரித் தவள அப்படிக் கத்துமா? 'க்ரோக்'னு போடுங்க. அது எந்த ஊர்த் தவளைக்கும் பொருந்தும்."

"தவளைக்கும் பாஸ்போர்ட் கேக்கறீங்களே டீச்சர்," என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

கரும்புத் தோகைக்கு நான் 'சலசல' என்று எழுதியிருந்தேன். டீச்சர் 'ரஸில்' என்றார். ஒரு தடவைதானா என்று கேட்டேன். ஒரு தடவைதான். தமிழில் இரட்டித்து வருவதையெல்லாம் இங்கிலீஷில் இரட்டித்தால் கைக்குழந்தைக்குச் சொல்கிற கதை மாதிரி ஆகிவிடும் என்றார். சிலது இரண்டு தடவை வரும், ஆனால் நடுவில் உயிர் மாறும்: மழைக்கு 'பிட்டர்-பேட்டர்', கடிகாரத்துக்கு 'டிக்-டாக்'. எனக்கு 'ரஸில்' போதவில்லை. தோகை ஒரு தடவை அசைந்து நிற்பதில்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் சரி. விட்டுவிட்டேன்.

அக்காவின் மகள் ஒரு படத்தில் முழிக்கிறாள். பக்கத்தில் 'திருதிரு' என்று சின்னதாக எழுதியிருந்தேன்.

"இதுக்கு இன்னா டீச்சர்?" என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்லியா?"

"முழிக்கறதுக்குச் சத்தம் ஏதும்மா? நம்ம ஆளுங்கதான் முழிக்கறதுக்கும் மின்னறதுக்கும் மணக்கறதுக்கும் சத்தம் வச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல அதை வெறும் வார்த்தையாத்தான் சொல்லணும், இல்ல விட்டுடணும். கண்ணு வரஞ்சிருக்காரு பாரு, அதே போதும். எடுத்துடு."

கம்ப்யூட்டர் பெண் எடுத்தாள். எழுத்தை அழித்த இடத்தில் பின்னால் இருந்த சுவர்க் கோடுகளை இழுத்து நிரப்பினாள். அதுதான் அவள் வேலை. தமிழ் எழுத்து போன ஓட்டையைப் படத்தால் அடைப்பது. பிறகு நான் வெள்ளைத் தாளில் பிரஷ்ஷால் இங்கிலீஷ் எழுத்தை எழுதித் தருவேன். அவள் ஸ்கேன் செய்து அந்த இடத்தில் வைப்பாள். முதலாளி அதில் கண்டிப்பு. கை எழுத்தைக் கை எழுத்தால்தான் மாற்ற வேண்டும் என்பார்.

கீழே கதை ஓடும் வரிகளிலும் சத்தங்கள் இருந்தன. 'கதவு கிறீச்சென்று திறந்தது.' டீச்சர் அதற்கு, கிறீச் என்ற சத்தத்தோடு கதவு திறந்தது என்று எழுதவில்லை. இங்கிலீஷில் 'என்று' வேண்டாம், சத்தமே வினையாகிவிடும் என்றார். கதவு 'க்ரீக்' பண்ணியது. அவ்வளவுதான். 'என்று' போனது, 'திறந்தது'வும் போனது. நல்ல வேலைக்காரர் என்று நினைத்தேன்.

மூன்றாம் பக்கம் வந்தது.

"எது மேல எது விழுது?"

"பனம்பழம். மண்ணு மேல. ஈர மண்ணு."

"உருளுதா?"

"உருளாது. விழுந்த எடத்துலயே ஒக்காந்துக்கும்."

அவர் 'ப்ளாப்' என்று சொல்லிக் காட்டினார். எனக்குப் பிடித்தது. தொப்புக்கு ரொம்பப் பக்கம். அவரே வேண்டாம் என்றார். அது கூழாங்கல் குளத்தில் விழுகிற சத்தம், படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பிறகு நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து 'தட்' என்றார். நம்முடைய தட்டு மாதிரி இல்லை. காற்று கலந்து வருகிறது. கனமானது, மெத்தென்றது, எதிரொலி இல்லாதது விழுந்தால் அதுதான் என்றார்.

முதலாளி மேசை மேல் இருந்த பேப்பர் கட்டைத் தூக்கித் தரையில் போட்டார்.

"தொப்," என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

"தட்," என்றார் டீச்சர்.

"பாஸ்," என்றார் முதலாளி.

டீச்சர் உடனே பத்தொன்பதாம் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் அதே சொல்தான் போட வேண்டும், ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்றார்.

முதலாளி தலையை ஆட்டினார். "இது கெணறு டீச்சர். தண்ணியில ஆளு விழுறாரு. தண்ணியில விழுந்தா இங்கிலீஷ்ல ஸ்ப்ளாஷ்தான. எங்க பசங்க கார்ட்டூன்லயே வருது."

"தண்ணி தெறிச்சாத்தான் சார் அது. சேத்துல விழுந்திருக்காரு."

"படிக்கறவனுக்குச் சேறுன்னு தெரியாதே. ஏதோ பழம் விழுந்துச்சுன்னு நெனச்சிப்பான்."

"நெனைக்கட்டும். கேட்டவரும் அப்படித்தான நெனச்சாரு. அவருக்கு எது தெரியலையோ அது படிக்கறவனுக்கும் தெரியக்கூடாது. அதான் சார் கத."

முதலாளி என்னைப் பார்த்தார். "பெயிண்டரே, இன்னா சொல்ற?"

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும்," என்றேன். அன்றைக்கு நான் பிடிவாதமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

சரி என்றார். அன்றைக்கே எழுதினேன். நாலு எழுத்து. ஒரே எழுத்தை இரண்டு தாளில். தமிழில் எழுதிய அதே சாய்வு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் கிணற்றிலிருந்து தூக்கும் படத்தில் என் கைக்குப் பக்கத்தில் 'வெடவெட' எழுதியிருந்தேன். டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இங்கிலீஷ் படக்கதையில் நடுக்கத்துக்கும் ஒரு சொல்லை எழுதுவார்கள், ஆனால் இங்கே வேண்டாம், சும்மா இருக்கட்டும் என்றார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

பிறகு டீச்சர் மூன்று சனிக்கிழமை வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை.

இரண்டாவது வாரம் முதலாளி போன் செய்தார். டவுனில் புத்தகம் வாங்கும் ஒருவரிடம் பக்கங்களைக் காட்டியிருக்கிறார். அவர் பத்தொன்பதாம் பக்கம் புரியவில்லை என்றாராம். சின்ன மாற்றம், வந்து ஒரு எழுத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார்.

போனேன். முதலாளி வெளியே போயிருந்தார். கம்ப்யூட்டர் பெண்ணிடம் ஒரு துண்டுச் சீட்டு. கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எண்ணினேன். ஆறு எழுத்து.

பழையது நாலு. இது ஆறு. நாலும் ஆறும் ஒரே சொல்லாக இருக்க முடியாது என்று தெரிய எட்டாவதுகூட வேண்டாம்.

"அண்ணே, இது வேற மாதிரி இருக்கே," என்றாள் அவள். அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும். "டீச்சர்கிட்ட கேட்டுடலாமா?"

கேட்கலாம் என்று வாயில் வந்தது. கேட்டால் அது என்ன சொல் என்று அவள் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும். என் மகள் வயசு அவளுக்கு. நான் எழுதுகிற எழுத்தை எனக்கு அவள் படித்துக் காட்ட வேண்டும். இத்தனை வாரம் டீச்சர் சொல்லும்போது வராத வெட்கம் அன்றைக்கு வந்தது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

"குடுத்தத எழுதறன்," என்றேன்.

எழுதினேன். எனக்கு முதல் எழுத்து பிடிக்கும். பாம்பு மாதிரி வளையும். வளைவில் மை பிசிறாமல் பிரஷ்ஷைத் திருப்புவது கொஞ்சம் கஷ்டம். சரியாக வந்தது. இடம் பத்தவில்லை என்று அவள் படத்தில் இன்னும் கொஞ்சம் கரும்பை அழித்தாள். எழுத்தைச் சுற்றி நாலு நீர்த்துளி போடச் சொல்லிச் சீட்டின் கீழே குறித்திருந்தது. துளியைப் பார்த்த பிறகாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வியர்வை என்று நினைத்தேன். படத்தில் நான் வெயிலில்தானே நிற்கிறேன்.

அப்படி நினைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு உண்மையிலேயே நினைத்தேனா, நினைக்காமலே எழுதினேனா என்று கேட்டால் சொல்ல முடியாது.

புத்தகம் வந்தது. பளபள அட்டை. எனக்கு ஐந்து பிரதி கொடுத்தார்கள். ஒன்றை அக்கா மகளுக்குக் கொண்டுபோனேன். அவள் இங்கிலீஷ் மீடியம், பத்தாவது. அப்பாவைப் பற்றிய புத்தகம் இங்கிலீஷில் வந்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் காட்டலாம் என்றேன். நானே கொடுத்தேன். வேறு யாரும் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மகள் தரையில் உட்கார்ந்து இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கட்டிலில் இருந்தேன்.

"இங்க பழம் விழுது. பொத்துனு. கனமான சத்தம்." பக்கம் புரட்டினாள். "நான் வரேன். மாமா, என்ன இவ்ளோ குண்டாவா போடுவ?"

"நீ அப்ப குண்டுதாண்டி," என்றார் அக்கா.

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

பத்தொன்பதாம் பக்கம் வந்தது. அவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

"படி," என்றார் அக்கா.

"மாமா தோகை உரிக்கிறாரு. தண்ணியில விழுற சத்தம் கேக்குது. மாமா நிமிர்றாரு." விரலைப் படத்தின் மேல் நகர்த்தினாள். "திரும்பக் குனிஞ்சிட்டாரு."

முறம் நின்றது.

"இன்னா சத்தம்?"

"தண்ணிம்மா. தண்ணி தெறிக்கிற சத்தம். துளி கூடப் போட்டிருக்கு பாரு."

அக்கா முறத்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். எழுத்து அவருக்குத் தெரியாது. துளி தெரிந்தது. மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார். அங்கே துளி இல்லை. எழுத்தும் வேறு.

"தண்ணி சத்தம் கேட்டுச்சாடா உனக்கு?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு எழுதன?"

"எழுதிக் குடுத்தாங்க. அத எழுதினன்."

"இது யாரு எழுத்து?"

"என்னுதுதான்."

"உன் கையில எழுதனதுதான?"

"என் கைதான்."

"தமிழ்ல எங்களுக்கு ஒண்ணு எழுதன. தெரியாதவங்களுக்கு நெசத்த எழுதனியா?"

அக்கா மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் விலையைப் பார்ப்பதுபோல் பின்னட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாலு எழுத்து, ஆறு எழுத்து, டீச்சர், டவுன்காரர், துண்டுச் சீட்டு. எதைச் சொன்னாலும் திருடன் சொல்வது மாதிரிதான் இருக்கும் என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது.

மறுநாள் இரண்டு பஸ் மாறி டீச்சர் வீட்டுக்குப் போனேன். புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"டீச்சர், கோச்சிக்காதீங்க," என்றார் முதலாளி. "நான் ஒண்ணும் தப்பா போடல. ஆளு தண்ணியில விழுந்தா அதான் சொல்லு. எந்த டிக்‌ஷனரிய வேணா பாருங்க."

"சொல்லு சரி சார். அந்த எடத்துக்குச் சரியில்ல. அதப் போட்டா அவரு தெரிஞ்சே திரும்பாம இருந்த மாதிரி ஆவுது."

"கதையில வர்ற ஆளுதான? படிக்கறவன் அவ்ளோ யோசிக்க மாட்டான்."

"அந்த ஆளு இங்க என் எதிர்ல ஒக்காந்திருக்காரு."

போனில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பிறகு, "பெயிண்டரு எழுதும்போது ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றார் முதலாளி. அது சரிதான். பிரதிகள் எல்லாம் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டன, அடுத்த தடவை அச்சடிக்கும்போது பார்க்கலாம் என்றார்.

டீச்சர் புத்தகத்தை மூடினார். "நான் வந்து உங்க அக்காகிட்ட சொல்றன். எனக்குச் சொல்லத் தெரியும்."

வேண்டாம் என்றேன். வந்தார்.

அக்கா அவரை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். எது மேல எது விழுது என்று என்னிடம் கேட்டதைச் சொன்னார். 'தட்' என்று நாக்கை வைத்துச் சொல்லிக் காட்டினார். பிறகு 'ஸ்ப்ளாஷ்' சொன்னார். கையை விரித்துத் தண்ணீர் சிதறுவதைக் காட்டினார். இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருக்க வேண்டும் என்று நான் கேட்டதைச் சொன்னார். தன் நோட்டைத் திறந்து, மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் தான் எழுதிவைத்திருந்த ஒரே சொல்லைக் காட்டினார். அக்கா மகள் அதைப் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

முடிந்ததும் அக்கா கேட்டார்.

"நீங்க அன்னைக்கு அங்க இருந்தீங்களா டீச்சர்?"

"இல்லம்மா."

"பின்ன எந்தச் சத்தம் சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு சொன்னாரு."

"எனக்கும் அவந்தான் சொன்னான்."

டீச்சர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்றத நம்பறன்," என்றார் அக்கா. "எழுத்து மாத்தனது அவங்க. இவன் தெரியாம எழுதனான். சேறும் நெசந்தான். அவர எடுக்கும்போது வேட்டியெல்லாம் சேறு, நான்தான் அலசனன். தொப்புனுதான் கேட்டிருக்கும்." என் பக்கம் திரும்பினார். "தொப்புனு கேட்டுச்சு. பழம்னே வச்சிக்க. காலையில விழுந்த பழத்தையெல்லாம் ஓடிப் போயி எடுத்தல்ல?"

"எடுத்தன்."

"இத ஏன் எடுக்கப் போவல?"

தமிழ்ப் புத்தகத்தில் அது இருக்கிறது. 'அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்' என்று கீழே ஒரு வரி. அக்கா அதைப் பல தடவை படித்திருக்கிறார். அப்போது கேட்கவில்லை. இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தவரை அந்த வரி யார் கண்ணிலும் படவில்லை. எனக்கும்தான்.

"கை வேலையா இருந்துச்சு," என்றேன்.

"வா," என்றார்.

டீச்சரும் கூட வந்தார். அக்கா மகள் செருப்பு போடாமல் வந்தாள். வெயில் இறங்கியிருந்தது. கரும்பு வெட்டி முடிந்து நிலம் காலியாகக் கிடந்தது. தூர் மட்டும் நின்றது. கிணற்றுக்கு இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறோம். பனைமரம் நாலும் இருந்தன.

"எங்க நின்ன?"

காட்டினேன். இந்த வரிசைதான், இந்த இடம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படம் போடும்போது எத்தனையோ தடவை நின்று பார்த்த இடம்.

"பனமரம் எங்க இருக்குது?"

கையை வலது பக்கம் நீட்டினேன்.

"கெணறு?"

இடது பக்கம்.

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். படத்தில் அப்படிப் போடவில்லை. படத்தில் இரண்டும் ஒரே பக்கம். கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று நான்தான் மரத்தைக் கிணற்றுப் பக்கம் தள்ளிப் போட்டேன். அதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. எந்த மொழிக்கும் அதை மாற்றவும் இல்லை.

"நீ எந்தப் பக்கம் நிமிந்து பாத்த?"

நான் குனிந்து தூரைப் பார்த்தேன்.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். நான் காட்டிய தூரில் குதிகாலை வைத்தார். கிணற்றைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். வேகமாக இல்லை, மெதுவாகவும் இல்லை. கை வேலையை வைத்துவிட்டு ஒரு பழத்தை எடுக்கப் போகிறவர் நடக்கிற மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் வாய்விட்டு எண்ணினார். அக்கா மகள் அம்மாவின் பின்னால் போகாமல் என் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

வேலிக் கம்பியில் கையை வைத்தார். திரும்பி நின்று, நான் இருக்கும் இடத்துக்குக் கேட்கும்படி சொன்னார்.

நாற்பத்தேழு.